எது இரவல், எது புதுசு: மேலாண்மைக் கட்டுரையின் கோட்பாட்டுப் பங்களிப்பைப் பிரித்து எழுதுவது எப்படி

"உளப் பாதுகாப்பு என்ற கருத்தை 1999-ல் ஏமி எட்மண்ட்சன் அறிமுகப்படுத்தினார்." மேலாண்மைத் துறை மாணவர்கள் எழுதித் தரும் இலக்கிய மீளாய்வுகளில் இந்த வாக்கியத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன். மனம் திறந்து பேசினாலும் தவறை ஒப்புக்கொண்டாலும் கேடு வராது என்ற உணர்வுதான் உளப் பாதுகாப்பு; ஆனால் அந்தக் கருத்தை அறிமுகப்படுத்தியவர் எட்மண்ட்சன் என்பது தவறு. தவறு என்று சொன்னதும் சிலர் நேர் எதிர்ப்பக்கம் போய், "அப்படியானால் அவர் புதிதாக எதுவும் சொல்லவில்லை, பழைய கருத்துக்கு அளவுகோல் மட்டும் செய்தார்" என்று எழுதுகிறார்கள். அதுவும் தவறுதான். கட்டுரைக்குள் எது மற்றவர்களிடமிருந்து வந்தது, எது அந்தக் கட்டுரை சேர்த்தது என்று பிரித்துப் பார்க்காததால்தான் இரண்டு தவறும் வருகின்றன.

அந்தப் பிரிக்கும் வேலையை இந்த ஒரே கட்டுரையை வைத்துச் செய்து காட்டுகிறேன். எட்மண்ட்சன் 1999-ல் அட்மினிஸ்ட்ரேட்டிவ் சயின்ஸ் குவாட்டர்லி இதழில் வெளியிட்ட, பணிக்குழுக்களில் உளப் பாதுகாப்பும் கற்றலும் பற்றிய கட்டுரை அது. ஒரு உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்தது. உங்கள் பாடத்தில் வேறு கட்டுரை கொடுத்திருந்தாலும் படிகள் இவைதான்.

படி 1: இரண்டு நிறப் பேனாவோடு படியுங்கள்

முன்னுரை, கோட்பாட்டுப் பகுதி, முடிவில் வரும் விவாதம் ஆகிய மூன்றை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். முறையியலும் அட்டவணைகளும் பிறகு. மேற்கோள் காட்டிய ஆசிரியர் பெயரோடு முடிகிற வாக்கியங்களுக்கு நீலக் கோடு. "நான் முன்வைப்பது", "இங்கே வாதிடுவது" என்பது போல ஆசிரியர் தன் பொறுப்பில் சொல்லும் வாக்கியங்களுக்குச் சிவப்புக் கோடு.

மேற்கோள் இருந்தால் இரவல், இல்லாவிட்டால் சொந்தம் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. சிவப்பு வாக்கியத்துக்கு நடுவிலும் ஆதாரத்துக்காக மேற்கோள் வரும். மேற்கோளே இல்லாத ஒரு வாக்கியம் துறையில் எல்லோருக்கும் தெரிந்த பழைய விஷயமாக இருக்கும். கோடு போடுவது தேடலுக்கான தொடக்கம்தான், தீர்ப்பு அல்ல.

படி 2: இரவல் பட்டியலை முதலில் எழுதுங்கள்

புதியதைத் தேடி நேராகப் போனால் ஆசிரியர் அழுத்திச் சொன்னதெல்லாம் புதிதாகத் தெரியும். அதனால் இரவலில் தொடங்குவதுதான் நல்லது. ஒவ்வொன்றுக்கும் யாரிடமிருந்து வந்தது, அவர் அதை யாரைப் பற்றிச் சொன்னார் என்று இரண்டு குறிப்பு போதும்.

நம் கட்டுரையில், உளப் பாதுகாப்பு என்ற சொல்லே இரவல். எட்கர் ஷைனும் வாரன் பென்னிஸும் 1965-லேயே நிறுவன மாற்றத்தைப் பேசும்போது அதைப் பயன்படுத்தினார்கள்: மனிதர்கள் மாற வேண்டுமென்றால் முதலில் அச்சமின்றி உணர வேண்டும் என்பது அவர்கள் பார்வை. 1990-ல் வில்லியம் கான், கோடை முகாம் ஊழியர்களையும் ஒரு கட்டடக் கலை நிறுவனத்தவரையும் ஆராய்ந்து, ஒருவர் வேலையில் தன்னை முழுதாக ஈடுபடுத்திக்கொள்ளத் தேவையான மூன்று நிபந்தனைகளில் ஒன்றாக அதை வைத்தார். கான் பேசியது தனிமனிதரைப் பற்றி. இதைத் தவறாமல் குறித்துவையுங்கள், அடுத்த படி முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

குழுவின் அமைப்பு, நிறுவனம் தரும் ஆதரவு, தலைவர் தரும் வழிகாட்டல் இவை குழுவின் செயல்திறனைத் தீர்மானிக்கின்றன என்ற பகுதி ரிச்சர்ட் ஹேக்மனின் மரபிலிருந்து வருகிறது. 'நம்மால் முடியும்' என்ற திறன் நம்பிக்கை ஆல்பர்ட் பண்டூராவிடமிருந்து வருகிறது.

இன்னொரு இரவலைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆசிரியரின் சொந்தப் பழைய கட்டுரையும் இரவல் கணக்கில்தான் சேரும். எட்மண்ட்சன் 1996-ல் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளைப் பற்றி எழுதினார். நன்றாக வழிநடத்தப்பட்ட பிரிவுகளில் பிழைகள் குறைவாகப் பதிவாகும் என்று எதிர்பார்த்த இடத்தில், அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே பிழையைப் பற்றி வெளிப்படையாகப் பேச முடிந்தது என்பதே அவர் தந்த விளக்கம். ஒரே மருத்துவமனைக்குள் பிரிவுக்குப் பிரிவு இந்தச் சூழல் மாறும் என்ற எண்ணம் 1999-க்கு முன்பே இருந்தது. அதை 1999 கட்டுரையின் புதுமையாக எழுதினால் கணக்கு தவறிவிடும்.

படி 3: கடன் வாங்கிய பொருளுக்கு என்ன ஆயிற்று?

பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் எடுத்து, "இந்தக் கட்டுரைக்குள் வந்த பிறகு இது எப்படி மாறியது?" என்று கேளுங்கள். மாறவே இல்லையென்றால் அது அடித்தளம் மட்டுமே. மாறியிருந்தால், அந்த மாற்றத்தில்தான் பங்களிப்பு இருக்கும்.

கானிடமிருந்து வந்த கருத்தைப் பாருங்கள். "என்னை நான் வெளிக்காட்டினால் என் மதிப்புக்கோ வேலைக்கோ கேடு வராது" என்று ஒருவர் உணர்வது கானின் பொருள். எட்மண்ட்சனிடம் அது, மனிதர்களுக்கிடையே துணிந்து பேசவும் நடக்கவும் இந்தக் குழு பாதுகாப்பானது என்று குழுவினர் பகிர்ந்துகொள்ளும் நம்பிக்கையாகிறது. கருத்து ஒருவரின் மனதிலிருந்து எழுந்து குழுவின் பண்பாகிவிட்டது.

சொல்லை மாற்றுவது எளிது. உண்மையிலேயே தனிமனிதரிலிருந்து குழுவுக்குத் தளம் மாறியதா என்பதை அவருடைய கேள்வித்தாளில் பார்க்கலாம். ஏழு கூற்றுகள் கொண்ட அளவுகோல் அது. அவற்றில் ஒன்றின் பொருள் ஏறத்தாழ இப்படி: "இந்தக் குழுவில் நீங்கள் ஒரு தவறு செய்தால், அது பெரும்பாலும் உங்களுக்கு எதிராகவே நினைவில் வைக்கப்படுகிறது." கேள்வி 'எனக்குப் பயமாக இருக்கிறதா' என்பது அல்ல. 'இந்தக் குழுவில் என்ன நடக்கும்' என்பது. ஒரே குழுவில் இருப்பவர்களின் பதில்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி வர வேண்டும், குழுவுக்குக் குழு வேறுபட வேண்டும். இரண்டும் இருந்தால்தான் இது குழுவின் பண்பு என்று சொல்ல முடியும். அதற்காகத்தான் குழுவுக்குள் உள்ள ஒற்றுமையைக் கணக்கிட்டுக் காட்டுகிறார்கள். நீங்கள் படிக்கும் கட்டுரை குழு, நிறுவனம் என்று பேசிவிட்டு இந்தச் சோதனையைச் செய்யவில்லை என்றால், தளம் மாற்றினேன் என்ற உரிமைகோரலைப் பாதிதான் ஏற்க முடியும்.

அடுத்த மாற்றம் உறவில் நடக்கிறது. ஹேக்மனின் வழி வந்தவர்கள் அமைப்பைப் பார்த்தார்கள், கற்றலை ஆராய்ந்த வேறு சிலர் மனித உறவுகளையும் நம்பிக்கைகளையும் பார்த்தார்கள். எட்மண்ட்சன் இரண்டையும் ஒரே சங்கிலியில் கோத்தார்: ஆதரவும் வழிகாட்டலும் பாதுகாப்பு உணர்வை உண்டாக்கும், அந்த உணர்வு கேள்வி கேட்பது, உதவி நாடுவது, தவறைப் பேசுவது போன்ற கற்றல் செயல்களைத் தூண்டும், அவை செயல்திறனை உயர்த்தும். கண்ணிகள் பெரும்பாலும் இரவல், கோத்த வரிசை அவருடையது.

அண்டைக் கருத்துகளிலிருந்து பிரித்துக் காட்டியதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். உளப் பாதுகாப்பு என்றால் ஒருவரையொருவர் பிடித்திருப்பது என்று நினைக்கத் தோன்றும். நெருக்கமான குழுவில் மாற்றுக் கருத்து சொல்லவே தயக்கம் வரலாம், அதனால் இரண்டும் ஒன்றல்ல என்கிறார்.

படி 4: எடுத்துப் பார்க்கும் சோதனை

இப்போது சிவப்பு வாக்கியங்களை மூடிவையுங்கள். இரவல் கருத்துகளை மட்டும் தெரிந்த ஒருவர் இந்த 51 குழுக்களைப் பற்றி என்ன கணித்திருப்பார்? "தங்கள் திறமையில் நம்பிக்கை உள்ள குழு நன்றாகக் கற்கும்" என்று சொல்லியிருப்பார். அது நியாயமான கணிப்பு. எட்மண்ட்சன் திறன் நம்பிக்கை, பாதுகாப்பு உணர்வு இரண்டையும் ஒரே பகுப்பாய்வில் வைத்துப் பார்த்தார். பாதுகாப்பு உணர்வைக் கணக்கில் எடுத்த பிறகு, திறன் நம்பிக்கைக்கும் கற்றல் செயல்களுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு நிற்கவில்லை. பாதுகாப்பு உணர்வின் தொடர்பு நின்றது.

பழைய கருத்துகள் ஒன்று சொல்ல, கட்டுரை வேறொன்று சொல்கிற இடம் இதுதான். அப்படி ஒரு இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், பங்களிப்பு என்று நீங்கள் எழுதப்போவது பெரும்பாலும் கட்டுரையின் சுருக்கமாகத்தான் இருக்கும். ஒரு பட்டியலில் புதிதாக ஒரு காரணியைச் சேர்ப்பது மட்டும் போதாது, ஏற்கெனவே உள்ள உறவுகளைப் பற்றிய நம் புரிதல் மாற வேண்டும் என்று டேவிட் வெட்டன் 1989-ல் கோட்பாட்டுப் பங்களிப்பைப் பற்றிய தன் கட்டுரையில் எழுதினார். இந்தச் சோதனை அதைத்தான் கேட்கிறது.

படி 5: எழுதுங்கள்

முதலில், மாணவர்களிடம் நான் பார்க்கும் வகை: "உற்பத்தி நிறுவனக் குழுக்களில் உளப் பாதுகாப்பை ஆராய்ந்தவர்கள் குறைவு. இந்தக் கட்டுரை அந்த இடைவெளியை நிரப்புகிறது." உற்பத்தி நிறுவனம் என்பது தரவு எடுத்த இடம். இடம் மாறினால் கோட்பாடு ஏன் மாறும் என்று சொல்லாதவரை அது பங்களிப்பு ஆகாது.

மேலே உள்ள வேலையைச் செய்த பிறகு இப்படி எழுதலாம்:

"பாதுகாப்பு உணர்வு மாற்றத்துக்கும் (ஷைன், பென்னிஸ்) தனிமனித ஈடுபாட்டுக்கும் (கான்) தேவை என்பது முன்பே தெரிந்தது. குழுவின் அமைப்பு செயல்திறனைப் பாதிக்கும் என்பதும் (ஹேக்மன்) தெரிந்ததே. ஆனால் நல்ல அமைப்பு எந்த வழியாகக் கற்றலாக மாறுகிறது என்பதை இவை விளக்கவில்லை. எட்மண்ட்சன் உளப் பாதுகாப்பைக் குழுவின் பகிர்ந்த நம்பிக்கையாக மாற்றி வரையறுத்து, அமைப்புக்கும் கற்றலுக்கும் நடுவில் அதை வைத்தார். இதனால், குழு கற்பதற்குத் தன் திறமை மீதுள்ள நம்பிக்கையைவிட, தவறைப் பேசினால் என்ன ஆகும் என்ற நம்பிக்கை முக்கியம் என்று காட்ட முடிந்தது."

மூன்றாம் வாக்கியத்தைக் கவனியுங்கள். இரவலைச் சொல்லிவிட்டு நேராகப் புதியதற்குத் தாவினால், அந்தப் புதியது ஏன் தேவைப்பட்டது என்று படிப்பவருக்குத் தெரியாது. முந்தையவர்களால் விளக்க முடியாத ஒன்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் இந்த வாக்கியத்தை எழுதத்தான் எனக்கு எப்போதும் அதிக நேரம் ஆகும்.

எல்லையையும் ஒரு வரியில் சேருங்கள். 51 குழுக்களும் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவை. பாதுகாப்பு கற்றலைத் தூண்டியதா, நன்றாகக் கற்ற குழுவில் பாதுகாப்பு உணர்வு வளர்ந்ததா என்பதைக் கேள்வித்தாள் தரவால் மட்டும் உறுதியாகப் பிரிக்க முடியாது. "காட்டினார்" என்று எழுதுகிற இடங்களில் இந்த வரி கூடவே இருக்க வேண்டும்.

படி 6: இன்னொருவரிடம் கொடுங்கள்

எழுதிய பத்தியை, மூலக் கட்டுரையைப் படிக்காத ஒரு நண்பரிடம் கொடுத்து, இரவலுக்கு நீலமும் புதியதற்குச் சிவப்பும் கோடு போடச் சொல்லுங்கள். உங்கள் பட்டியலோடு ஒப்பிடுங்கள். அவர் தவறாகக் கோடு போட்ட வாக்கியங்களில் பெரும்பாலும் "இக்கட்டுரை கூறுகிறது" என்ற பொதுவான எழுவாய் இருக்கும். யார் சொன்னது என்று அங்கே பெயரைப் போட்டுத் திருத்திவிட்டு, மறுபடி கொடுத்துப் பாருங்கள்.