அடகு நகைக்கு இண்டைக்கு எவ்வளவு கட்டி மீட்கலாம்? நீங்களே ஒரு ஷீட் போட்டுப் பாருங்கோ

திருகோணமலையில மாரிக்கடல் கொந்தளிக்கிற மாசங்கள்ல நகையை ஈடு வச்சிட்டு, சீசன் தொடங்கினாப்பிறகு கொஞ்சம் கொஞ்சமாக் கட்டி மீட்கிற ஆக்கள் நிறையப் பேர். மீட்கப் போகேக்க கவுண்டர்ல சொல்ற தொகை நாம மனசில போட்ட கணக்கோட ஒத்துவராது, ஏனெண்டா மாசம் கூடக் கூட வட்டி வீதமும் ஏறும், இடையில கட்டின காசு முதல்ல வட்டிக்குத்தான் போகும். இந்த ரெண்டையும் கூகிள் ஷீட்ஸ்லயோ எக்செல்லயோ எப்படிப் போடுறதெண்டு பாப்பம்.

ஒரு உதாரணம் எடுப்பம். நிலாவெளியில படகு ஓட்டுற ஒருத்தர் இஞ்சின் வேலைக்காக 2025 ஜனவரி 10ல நகை வச்சு 200,000 ரூபா எடுக்கிறார். மே 5ல 50,000 கட்டுறார், செப்டம்பர் 20ல மீட்கிறார். வட்டி முதல் 3 மாசம் மாசத்துக்கு 1%, 4ல இருந்து 6 வரைக்கும் 1.25%, 7ல இருந்து 1.5%. இது நான் உதாரணத்துக்குப் போட்ட வீதம், உங்கட சீட்டில இருக்கிறதைப் பாத்துப் போடுங்கோ, வருஷ வீதமா இருந்தா 12ஆல பிரியுங்கோ.

முதல்ல B1ல கடன் தொகை, B2ல வச்ச திகதி, B3ல மீட்கிற திகதி. திகதியை 2025-01-10 எண்டே அடியுங்கோ. 10/01/2025 எண்டு அடிச்சா சில ஷீட் அதை ஒக்டோபர் 1 எண்டு எடுத்துடும், அப்ப கீழ உள்ள ஃபோர்முலா `#NUM!` எண்டு காட்டும், அதைக் கண்டா திகதியைத்தான் பாக்கணும். வீத அட்டவணைக்கு D2:D4ல 1, 4, 7, பக்கத்தில E2:E4ல 1%, 1.25%, 1.5%. B4ல எத்தனை மாசம் எண்ட கணக்கு:

```
=DATEDIF(B2,B3,"M")+1
```

கடைசியில +1 போட்டது, தொடங்கின மாசத்தை முழு மாசமா எடுக்கிற வழக்கத்துக்கு. நாளுக்கு நாள் வட்டி போடுற இடமெண்டா இந்த ஷீட் பொருந்தாது.

இனி 7ஆம் வரிசையில தலைப்புகள்: மாசம், தொடக்க முதல், வீதம், வட்டி, கட்டினது, மிச்ச வட்டி, மிச்ச முதல். A8ல இருந்து A19 வரைக்கும் 1 தொடக்கம் 12. 8ஆம் வரிசையில B தொடக்கம் G வரைக்கும், E காலியா:

```
B8: =$B$1
C8: =LOOKUP(A8,$D$2:$D$4,$E$2:$E$4)
D8: =IF(A8<=$B$4,B8*C8,0)
F8: =MAX(0,N(F7)+D8-E8)
G8: =B8-MAX(0,E8-N(F7)-D8)
```

B9ல மட்டும் `=G8`. பிறகு C, D, F, Gயை 8ல இருந்தும் Bயை 9ல இருந்தும் 19 வரைக்கும் இழுங்கோ. மீட்கிற தொகை: `=F19+G19`.

மே 5 நாலாம் மாசத்துக்குள்ள வருது, ஏனெண்டா அந்த மாசம் ஏப்ரல் 10ல தொடங்கி மே 9ல முடியுது. அதனால E11ல 50000. அதுவரைக்குமான வட்டி 6,000மும் 2,500மும் சேத்து 8,500, அதைக் கழிச்சு 41,500தான் முதல்ல குறையும், மிச்சம் 158,500. அவர் 5,000 மட்டும் கட்டியிருந்தா முதல் ஒரு சதமும் குறையாது, 3,500 வட்டி தொங்கிக்கொண்டு நிக்கும். "கட்டிக்கொண்டுதானே வாறன், ஏன் குறையேல்ல" எண்டு கேக்கிற ஆக்களுக்கு இதுதான் பதில்.

அதுக்குப் பிறகு 5, 6ஆம் மாசம் 1,981.25 படி, 7, 8, 9ஆம் மாசம் 2,377.50 படி, மொத்தம் 11,095. மீட்க 169,595 ரூபா வேணும். ஒன்பதாம் மாசம் செப்டம்பர் 10ல பிறந்திட்டுது, 9ஆந் திகதியே போயிருந்தா ஒரு மாச வட்டி மிச்சம்.

கவுண்டர்ல ரெண்டு கேள்வி கட்டாயம் கேளுங்கோ. ஒண்டு, ஏழாம் மாசம் வந்தா 1.5% அந்த மாசத்தில இருந்தா, இல்லை முதல் நாள்ல இருந்தேயா? இடையில ஒண்டும் கட்டாம ஒன்பது மாசம் போனா முதலாவது முறையில வட்டி 22,500, ரெண்டாவதில 27,000. அப்படி முழுக்காலத்துக்கும் போடுற இடமெண்டா Cயில A8க்குப் பதிலா `$B$4` போடுங்கோ, ஆனா இடையில காசு கட்டாத கடனுக்கு மட்டும்தான் அது சரி வரும்.

மற்றது, இடையில கட்டினா புதுச்சீட்டு எழுதுவினமா? எழுதினா மாசக்கணக்கு திரும்ப ஒண்டில இருந்து தொடங்கும், அப்ப 158,500ஐ B1லயும் மே 5ஐ B2லயும் போட்டு, பழைய E11ஐ அழிச்சிடுங்கோ. எங்கட உதாரணத்துக்கு மே 5க்குப் பிறகான வட்டி 11,095 இல்லாம 8,717.50 ஆகும். பிந்தினதுக்கு நோட்டீஸ் செலவு போட்டிருந்தா அது இந்தக் கணக்கில வராது, தனியாக் கூட்டுங்கோ.