ஒரு மாத இன்டர்ன்ஷிப்பை நேர்காணலில் எப்படிச் சொல்வது: ஆடிட்டர் ஆபீஸ் உதாரணத்தோடு

பி.காம் முடித்து, திருச்சியில் அக்கவுன்ட்ஸ் வேலைக்கு நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கான செய்முறை இது. கையில் இருப்பது ஒரே ஒரு இன்டர்ன்ஷிப். ஊர்ப்பக்கத்து ஆடிட்டர் ஆபீஸில் ஒரு மாதம், அதிலும் பாதி நாள் ஜெராக்ஸ் எடுத்ததும் ஃபைல் அடுக்கியதும்தான். நேர்காணல் மேசையில் இதைப் பற்றிக் கேட்டதும் ஒரு சாரார் "சின்ன ஆபீஸ்தான் சார், பெரிசா ஒண்ணும் இல்லை" என்று சுருங்கிவிடுகிறார்கள். இன்னொரு சாரார் "ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாம் நாங்கதான் ஃபைல் பண்ணோம்" என்று ஊதிவிடுகிறார்கள். வேலை கிடைக்காமல் போவதற்கு இரண்டுமே காரணமாகலாம். இரண்டாவதில் பெயரும் கெடும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை போவோம். நாகப்பட்டினத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸ். ஜூன் மாதம் முழுக்க, ஞாயிறு நீங்கலாக 25 நாள். அங்கே ஒரு ஹார்டுவேர் கடையின் கணக்கில் வேலை.

முதல் படி: 25 நாளையும் தாளில் எழுதுங்கள்

நினைவை மட்டும் நம்பினால் "என்ட்ரி போட்டேன்" என்பதற்கு மேல் எதுவும் வராது. பழைய வாட்ஸ்அப் செய்திகள், அப்போது எழுதிய நோட்டு, கல்லூரியில் கொடுத்த இன்டர்ன்ஷிப் ரிப்போர்ட் மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த நாளில் என்ன வேலை என்று தோராயமாக எழுதுங்கள். நம் உதாரணத்தில் கணக்கு இப்படி வருகிறது: முதல் 3 நாள், மே மாதத்து பில்களைத் தேதிவாரியாக அடுக்கியது. அடுத்த 10 நாள், டேலியில் பர்ச்சேஸ் என்ட்ரி, நாளைக்குச் சுமார் 30 பில். பிறகு 4 நாள், அந்த என்ட்ரிகளை, சப்ளையர்கள் காட்டிய பில்களும் வரியும் ஜிஎஸ்டி தளத்தில் பட்டியலாக வரும் ஜிஎஸ்டிஆர்-2பி-யோடு ஒத்துப்பார்த்தது. மீதி 8 நாள் ஜெராக்ஸ், பேங்க், சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது.

ஆக, கணக்கு வேலை என்று சொல்லத்தக்கது 14 நாள்தான். இது குறைவாயிற்றே என்று கவலை வேண்டாம். 10 நாள், நாளைக்கு 30 பில் என்றால் 300 பில். "முந்நூறு பில் அளவுக்கு நானே என்ட்ரி போட்டேன்" என்பது காதில் நிற்கும் வாக்கியம். "எவ்வளவு" என்று திருப்பிக் கேட்டால் பெருக்கலையும் சொல்லிக் காட்டலாம். தோராயக் கணக்கு என்றால் "அளவுக்கு" என்ற சொல்லை விடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். 287 என்று துல்லியமாகச் சொன்னால், அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும்.

இரண்டாம் படி: வினைச்சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

எழுதிய ஒவ்வொரு வேலைக்கும் எதிரே மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: நானே செய்தேன், நான் செய்து சீனியர் சரிபார்த்தார், பக்கத்தில் இருந்து பார்த்தேன். பொய் சொல்லும் எண்ணமே இல்லாதவர்கள்கூடத் தடுக்கி விழும் இடம் "நாங்க". ஆபீஸ் செய்த எல்லா வேலையும் அந்த ஒரு சொல்லுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அக்கவுன்ட்ஸ் மேனேஜர்கள் இதைப் பிடிக்க ஒரு கேள்வி போதும்: "ஃபைல் பண்ணும்போது ஓடிபி யாருக்கு வந்தது?" ரிட்டர்ன் ஃபைல் செய்ய, கடை சார்பில் கையெழுத்திடும் உரிமை உள்ளவரின் பதிவுசெய்த மொபைலுக்கும் மின்னஞ்சலுக்கும் ஓடிபி போகும். இல்லையென்றால் அவருடைய டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். இன்டர்ன் கையில் இவை இருக்க வாய்ப்பில்லை. அதனால் "ஃபைல் பண்ணேன்" என்றவர் அந்த இடத்திலேயே திணறுவார். "சீனியர் ஃபைல் பண்ணும்போது பக்கத்துல இருந்து பார்த்தேன்" என்றவருக்கு இந்தக் கேள்வி வரவே வராது. வந்தாலும், "கடை ஓனர் நம்பருக்கு வரும் சார், அவரைப் போன்ல கூப்பிட்டுக் கேட்டுப்பாங்க" என்று பார்த்ததைச் சொல்லிவிடலாம்.

காலக்கணக்கும் அப்படித்தான். ஒரு மாதத்தின் 2பி அடுத்த மாதம் 14-ஆம் தேதி வரும். மாதாமாதம் ஃபைல் செய்யும் கடைக்கு, வரியைக் கணக்குக் காட்டிக் கட்டும் ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி-யின் கடைசித் தேதி 20. ஜூன் மாதம் மட்டும் இருந்தவர் புதிதாக வந்த 2பி ஒன்றைத்தான், அதாவது மே மாதத்தைத்தான், கையாண்டிருக்க முடியும். "ரெகுலரா மேட்சிங் பண்ணேன்" என்றால் தேதி தெரிந்தவர் மனதுக்குள் சிரிப்பார். "ஒரு மாசத்து 2பி முழுசா பார்த்தேன்" என்பதே சரியான வாக்கியம்.

மூன்றாம் படி: ஒரு சிறு சிக்கலைத் தேடி எடுங்கள்

பதிலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நேரம் அதிகம் செலவழிக்க வேண்டியதும் இதற்குத்தான். முந்நூறு பில் போட்டவர் கையில் தப்பு எதுவும் வந்திருக்காது என்று யாரும் நம்ப மாட்டார்கள். அந்தத் தப்புகளில் காரணத்தோடு விளக்கக்கூடிய ஒன்றை எடுங்கள்.

நாகை, மயிலாடுதுறைப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம், பக்கத்திலேயே காரைக்கால். பஸ் ஏறினால் வந்துவிடுகிற ஊர்தான், ஆனால் புதுச்சேரியைச் சேர்ந்தது. அங்குள்ள மொத்தக் கடையின் ஜிஎஸ்டி எண் 34 என்று தொடங்கும். தமிழ்நாட்டுக் கடையின் எண் 33 என்று தொடங்கும். காரைக்காலிலிருந்து நாகைக் கடைக்கு வரும் சரக்கு மாநிலம் தாண்டிய வியாபாரம் என்பதால் ஐஜிஎஸ்டி. பக்கத்து ஊர்தானே என்ற நினைப்பில் புதியவர்கள் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரித்துப் போட்டுவிடுவார்கள்.

20,000 ரூபாய்க்கு பிவிசி பைப் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். 18 சதவீத வரி 3,600. சரியான என்ட்ரி என்றால் ஐஜிஎஸ்டி 3,600. தவறான என்ட்ரியில் சிஜிஎஸ்டி 1,800, எஸ்ஜிஎஸ்டி 1,800. இரண்டிலும் பில் மொத்தம் 23,600-தான். அதனால்தான் பில்லையும் என்ட்ரியையும் பக்கத்தில் வைத்து மொத்தத்தை மட்டும் பார்க்கிறவருக்குத் தப்பு தெரியாது. 2பி-யில் வரி வகை வாரியாக ஒத்துப்பார்க்கும்போது ஒரு பக்கம் கூடுதலும் மறுபக்கம் குறைவுமாக வெளிவரும். விட்டுவைத்தால் உள்ளீட்டு வரியைத் தவறான தலைப்பில் எடுத்ததாகிவிடும்.

அடிக்காரணம் பெரும்பாலும் டேலியில் அந்த சப்ளையருக்கு லெட்ஜர் உருவாக்கிய நேரத்தில் இருக்கும். ஸ்டேட் என்ற இடத்தில் புதுச்சேரி என்று மாற்றாமல் தமிழ்நாடு என்றே விட்டிருப்பார்கள். லெட்ஜரைத் திருத்தி, ஏற்கெனவே போட்ட வவுச்சர்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து வரியை மாற்ற வேண்டும்.

தப்பைப் போட்டதும் நீங்கள், கண்டதும் நீங்கள் என்றால் அப்படியே சொல்லுங்கள். சீனியர் கண்டுபிடித்து நீங்கள் திருத்தியிருந்தால், "சீனியர் சொன்னாங்க, நான் மாத்தினேன்" என்றே சொல்லுங்கள். கண்டுபிடித்த பெருமையைத் தன் பக்கம் இழுத்தால் "முதல்ல எதை வச்சு சந்தேகம் வந்துச்சு?" என்ற அடுத்த கேள்வியில் கதை நின்றுவிடும்.

நான்காம் படி: ஒரு நிமிடப் பதில்

இவ்வளவையும் சேர்த்தால் இப்படி வரும்:

"நாகப்பட்டினத்துல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல ஜூன் மாசம் இன்டர்ன்ஷிப் பண்ணேன் சார். முதல்ல பில் பிரிச்சு அடுக்குறது. அப்புறம் ஒரு ஹார்டுவேர் கடையோட பர்ச்சேஸ் பில் முந்நூறு அளவுக்கு டேலியில நானே என்ட்ரி போட்டேன், சீனியர் செக் பண்ணுவாங்க. மே மாசத்து 2பி-யோட ஒத்துப்பார்த்தப்போ, காரைக்கால் சப்ளையரோட மூணு பில்லை ஐஜிஎஸ்டி-க்குப் பதிலா சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி-னு நான் போட்டிருந்தது தெரிஞ்சுது. லெட்ஜர்ல ஸ்டேட் தப்பா இருந்துச்சு. சீனியர்கிட்ட காட்டிட்டு மாத்தினேன். ரிட்டர்ன் ஃபைலிங் பக்கத்துல இருந்து பார்த்ததுதான், நான் பண்ணலை. உங்க விளம்பரத்துல பர்ச்சேஸ் என்ட்ரியும் 2பி மேட்சிங்கும் கேட்டிருந்தீங்க. அந்த ரெண்டும் நான் செஞ்சு பார்த்த வேலை."

"நான் பண்ணலை" என்ற வாக்கியம் எந்த இடத்தில் இருக்கிறது என்று கவனியுங்கள். தெரிந்த வேலையெல்லாம் வந்த பிறகு, முடிவுக்கு முன்னால், ஒரே வரியில். அதையே முதல் வரியாக்கினால் மன்னிப்புக் கேட்பதுபோல் ஆகிவிடும். கடையின் பெயரையும் சொல்லவில்லை. வாடிக்கையாளர் பெயரையும் அவர்கள் வியாபாரத் தொகையையும் வெளியே சொல்கிறவரை எந்த அக்கவுன்ட்ஸ் மேனேஜரும் உள்ளே எடுக்க யோசிப்பார். பழைய பில்லை மொபைலில் போட்டோ எடுத்து வைத்திருந்து காட்டுவது அதைவிட மோசம்.

சொல்லிப் பார்க்கும்போது மொபைலில் பதிவுசெய்து கேளுங்கள். "சும்மா", "ஏதோ", "ஜஸ்ட்" எங்கெல்லாம் விழுகிறது என்று தெரியும். அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிட்டாலே வாக்கியம் நிமிர்ந்துவிடும். நேர்காணல் ஆங்கிலத்தில் நடக்கும் என்றால் இதே வரிசையை எளிய ஆங்கிலத்தில் ஒருமுறை எழுதிச் சொல்லிப் பாருங்கள். லெட்ஜர், வவுச்சர், மேட்சிங் எல்லாம் அங்கேயும் அதே சொற்கள்தான், கஷ்டம் குறைவு.

ஐந்தாம் படி: அடுத்து வரும் கேள்விகள்

2பி என்று வாயெடுத்தாலே, "பில் கையில இருக்கு, 2பி-யில வரலைன்னா என்ன பார்ப்பீங்க?" என்பது அநேகமாக வரும். சப்ளையர் தன் விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1-ஐ 11-ஆம் தேதிக்குள் போட்டிருக்க மாட்டார், அப்படியானால் அது பிந்திய மாதத்தில் வரும். அல்லது நம் கடையின் ஜிஎஸ்டி எண்ணைத் தப்பாகப் போட்டிருப்பார். அல்லது பில் எண்ணை நாம் ஒரு மாதிரியும் அவர் ஒரு மாதிரியும் எழுதியிருப்போம், இதில் பில் உண்மையில் வந்திருக்கும், நம் கண்ணுக்குத்தான் படாது. இந்த மூன்றில் நீங்கள் நேரில் பார்த்தது எது, பாடமாகத் தெரிந்தது எது என்று பிரித்துச் சொல்லுங்கள். "முதலாவதை ஆபீஸ்ல பார்த்தேன், மத்ததைப் படிச்சிருக்கேன்" என்றால் போதும்.

"சம்பளம் கொடுத்தாங்களா?" என்றால் "இல்லை சார்" அல்லது "பஸ் செலவுக்குக் கொடுத்தாங்க". அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ரெஸ்யூமேயில் "அக்கவுன்ட்ஸ் அசிஸ்டன்ட்" என்று எழுதியிருந்து சான்றிதழில் "இன்டர்ன்" என்று இருந்தால் அதையும் முன்கூட்டியே திருத்துங்கள். தேதியும் சான்றிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஒரு மாதத்தை "2 மாதம்" என்று தூக்கிக் காட்டுவது சான்றிதழை மேசையில் வைத்ததும் தெரிந்துவிடும். நேர்காணலுக்கு முந்தின நாள் அந்த ஆபீஸ் சீனியருக்கு ஒரு போன் செய்து, "அண்ணா, நாளைக்குத் திருச்சியில இன்டர்வியூ, உங்க நம்பரைக் கொடுக்கலாமா? ஹார்டுவேர் கடை என்ட்ரியும் 2பி-யும் பார்த்தேன்னு சொல்லப்போறேன்" என்று கேட்டுவிடுங்கள். அவர் "ஆமாம்மா, அந்தக் காரைக்கால் பில்லுகூட" என்றால், நாளை அங்கிருந்து யார் கூப்பிட்டுக் கேட்டாலும் அவரும் நீங்கள் சொன்னதையேதான் சொல்வார்.