டெபிட், கிரெடிட் இடம் மாறிப்போனால் பேலன்ஸ் எவ்வளவு மாறும்? கண்டுபிடிப்பதும் திருத்துவதும்

கணக்கு எழுதப் பழகுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "கஸ்டமர் பணம் கட்டினார். என்ட்ரி போடும்போது டெபிட்டையும் கிரெடிட்டையும் மாற்றிப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. ஆனால் டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிறதே, அப்படியானால் தப்பு இல்லைதானே?"

தப்பு இருக்கிறது. டிரையல் பேலன்ஸ் அதைக் காட்டாது, அவ்வளவுதான். பள்ளிப் பாடத்தில் இருப்பாய்வு என்று படித்திருப்பீர்கள். மொத்த டெபிட்டும் மொத்த கிரெடிட்டும் சமமா என்று மட்டும்தான் அது பார்க்கும். எந்தத் தொகை எந்தப் பக்கம் போயிருக்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. இரண்டு பக்கமும் சேர்ந்தே இடம் மாறினால் சமநிலை கெடாது.

ஒரு உதாரணத்தை எடுத்து முழுசாகப் போட்டுப் பார்க்கலாம்.

என்ன நடந்தது

ஒரு ஹார்டுவேர் கடை. வங்கிக் கணக்கில் கடையின் புத்தகப்படி ரூ.84,000 இருக்கிறது. ஒரு கஸ்டமர் ரூ.40,000 தர வேண்டியிருக்கிறது. அவர் ரூ.12,500-ஐ நெஃப்ட் மூலம் அனுப்புகிறார்.

கணக்கு எழுதுகிற பையன் வங்கி ஸ்டேட்மென்ட்டைப் பார்க்கிறான். அதில் அந்தத் தொகை கிரெடிட் பத்தியில் இருக்கிறது. அதனால் வங்கிக் கணக்கை கிரெடிட் செய்துவிடுகிறான். இந்தத் தப்பு பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. வங்கி ஸ்டேட்மென்ட் என்பது வங்கி தன் புத்தகத்தில் நம்மைப் பற்றி எழுதியது. நம் பணம் வங்கிக்குக் கடன், அதனால் அங்கே கிரெடிட். நமக்கோ அது சொத்து, அதனால் நம் புத்தகத்தில் டெபிட். ஸ்டேட்மென்ட்டில் கிரெடிட் என்று கண்டால் நம் பேங்க் லெட்ஜரில் டெபிட்தான் போட வேண்டும்.

```
போட்டிருக்க வேண்டியது:
வங்கி க/கு       டெபிட்    12,500
   கஸ்டமர் க/கு  கிரெடிட்  12,500

போட்டது:
கஸ்டமர் க/கு    டெபிட்    12,500
   வங்கி க/கு    கிரெடிட்  12,500
```

பேலன்ஸில் எவ்வளவு மாறியது

முதலில் வங்கி. 84,000-உடன் 12,500 சேர்ந்து 96,500 ஆகியிருக்க வேண்டும். சேர்வதற்குப் பதிலாகக் கழிந்துபோனதால் 71,500 என்று நிற்கிறது. வித்தியாசம் 25,000.

அடுத்து கஸ்டமர். 40,000-லிருந்து 12,500 குறைந்து 27,500 ஆகியிருக்க வேண்டும். ஏறிப்போய் 52,500 காட்டுகிறது. இங்கேயும் வித்தியாசம் 25,000.

தொகை 12,500-தான், வித்தியாசம் ஏன் 25,000? வர வேண்டிய 12,500 வரவில்லை, அது ஒரு பாதி. போகக் கூடாத 12,500 போய்விட்டது, அது இன்னொரு பாதி. பக்கம் மாறிய பிழை ஒவ்வொரு லெட்ஜரையும் தொகையைப் போல இரண்டு மடங்கு அசைக்கும். என்ட்ரியே போடாமல் விட்டிருந்தால் வித்தியாசம் 12,500 மட்டும்தான் இருந்திருக்கும்.

இப்போது இரண்டு லெட்ஜரையும் கூட்டிப் பாருங்கள். சரியான கணக்கில் 96,500-உம் 27,500-உம் சேர்ந்து 1,24,000. தப்பான கணக்கில் 71,500-உம் 52,500-உம் சேர்ந்து அதே 1,24,000. டிரையல் பேலன்ஸ் மொத்தம் ஒரு ரூபாய்கூட மாறவில்லை. லாபமும் மாறவில்லை. பேலன்ஸ் ஷீட்டில் நடப்புச் சொத்துகளின் மொத்தமும் மாறவில்லை. அதனால்தான் இது மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் கிடக்கும். "நான்தான் பணம் அனுப்பிவிட்டேனே, இன்னும் 52,500 பாக்கி என்கிறீர்களே" என்று கஸ்டமர் போன் செய்யும்போதுதான் பாதிக் கடைகளில் விஷயம் தெரியவரும்.

லாபம் மாறவில்லை என்பது இந்த உதாரணத்துக்கு மட்டும் பொருந்தும். இடம் மாறிய இரண்டில் ஒன்று செலவாகவோ வருமானமாகவோ இருந்தால் கதை வேறு. மின் கட்டணம் ரூ.3,200 ரொக்கமாகக் கட்டியதை மாற்றிப் போட்டால், கல்லாவில் 6,400 கூடுதலாகக் காட்டும், செலவு 6,400 குறையும், லாபம் 6,400 ஏறி நிற்கும்.

தேடிப் பிடிப்பது எப்படி

இனி எதிர்த் திசையில் போகலாம். எந்த என்ட்ரி தப்பு என்று தெரியாது, வங்கி பேலன்ஸ் ஒத்துப்போகவில்லை என்பது மட்டும்தான் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி, உண்மையான வித்தியாசத்தை எடுப்பது. ஸ்டேட்மென்ட்டில் 96,500, நம் லெட்ஜரில் 71,500 என்றவுடன் பாய்ந்துவிடக் கூடாது. நாம் கொடுத்த காசோலை இன்னும் வங்கிக்கு வராமல் இருக்கலாம், நாம் போட்ட காசோலை இன்னும் கலெக்‌ஷன் ஆகாமல் இருக்கலாம், வங்கி பிடித்த சார்ஜை நாம் எழுதாமல் இருக்கலாம். இவற்றையெல்லாம் சரிக்கட்டிய பிறகும் மிஞ்சுவதுதான் நமக்கு வேண்டிய வித்தியாசம். நம் உதாரணத்தில் அப்படி எதுவும் இல்லை, ஆகவே 25,000.

இரண்டாம் படி, அதைப் பாதியாக்குங்கள்: 12,500. கூடவே திசையையும் கவனியுங்கள். நம் புத்தகம் குறைவாகக் காட்டுகிறது என்றால், டெபிட் ஆக வேண்டியது கிரெடிட் பத்தியில் உட்கார்ந்திருக்கிறது. கூடுதலாகக் காட்டினால், கிரெடிட் ஆக வேண்டியது டெபிட் பத்தியில் இருக்கிறது. இது தெரிந்தால் லெட்ஜரில் ஒரு பத்தியை மட்டும் தேடினால் போதும். ஓவர்டிராஃப்ட் கணக்கு என்றால் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும்: அங்கே பேலன்ஸே கிரெடிட்டில் நிற்கும், ஆகவே அதை மைனஸ் தொகையாக எடுத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

மூன்றாம் படி, பேங்க் லெட்ஜரின் கிரெடிட் பத்தியில் 12,500-ஐத் தேடுவது. டேலி பயன்படுத்துகிறவர்களுக்கு இதில் ஒரு நல்ல துப்பு கிடைக்கும். பணம் வந்தால் F6 அழுத்தி Receipt வவுச்சர், பணம் போனால் F5 அழுத்தி Payment வவுச்சர். வங்கியை கிரெடிட் செய்து கஸ்டமரை டெபிட் செய்த என்ட்ரி அநேகமாக Payment வவுச்சராகத்தான் பதிவாகியிருக்கும். அந்தக் கஸ்டமரின் லெட்ஜரைத் திறந்தால், டெபிட் பத்தியில் வரிசையாக Sales, Sales என்று போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு Payment நிற்கும். சரக்கு வாங்குகிற கஸ்டமருக்கு நாம் எதற்குப் பணம் கொடுக்கப் போகிறோம்? முன்பணத்தைத் திருப்பித் தந்தது போன்ற காரணம் இல்லாவிட்டால், அந்த வரி கண்டிப்பாகச் சந்தேகத்துக்குரியது.

நான்காம் படி, ஸ்டேட்மென்ட்டோடு உறுதிசெய்வது. அதே தேதியை ஒட்டி 12,500 பணம் வந்ததாக ஸ்டேட்மென்ட் சொல்ல வேண்டும். இதைத் தவிர்க்காதீர்கள். ஏனென்றால் பாதியாக்குவது ஒரு துப்பு மட்டுமே, நிரூபணம் இல்லை. முழு 25,000 ரூபாய் வரவு ஒன்றை எழுதாமலே விட்டிருந்தாலும் வித்தியாசம் 25,000 என்றுதான் வரும். ஆகவே ஸ்டேட்மென்ட்டில் 25,000-ஐயும் ஒருமுறை தேடிவிடுங்கள். வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியதா என்றும் பாருங்கள்: 5,400-ஐ 4,500 என்று அடித்தால் வரும் 900 அப்படிப்பட்டது.

திருத்துவது

மாதம் முடியவில்லை, யாருக்கும் கணக்குக் காட்டவில்லை என்றால் அந்த வவுச்சரைத் திறந்து சரியான Receipt வவுச்சராக மாற்றிவிடலாம். கணக்கு ஏற்கெனவே ஆடிட்டருக்கோ வங்கிக்கோ போய்விட்டிருந்தால் பழைய வவுச்சரைத் தொடாமல் திருத்தப் பதிவு போடுவதே முறை. கம்பெனி என்றால், 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் மென்பொருளில்தான் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்பது விதி, ஆகவே அங்கே சத்தமில்லாமல் மாற்றுவது என்பதே கிடையாது.

பாடப்புத்தகம் சொல்லும் திருத்தப் பதிவு ஒரே வரிதான்: வங்கியை 25,000 டெபிட் செய்து, கஸ்டமரை 25,000 கிரெடிட் செய்வது. பேலன்ஸ் சரியாகிவிடும். தேர்வில் இப்படித்தான் எழுத வேண்டும். கடைக் கணக்கில் நான் இதை விரும்புவதில்லை. ஸ்டேட்மென்ட்டில் 12,500 என்று இருக்கும்போது நம் லெட்ஜரில் 25,000 இருந்தால் பேங்க் ரீகன்சிலியேஷனில் ஜோடி சேராது. அதைவிட 12,500-க்கு இரண்டு என்ட்ரி போடுங்கள். முதலாவது, தப்பான என்ட்ரிக்கு நேர் எதிர். இரண்டாவது, உண்மையான வரவு. பழைய தப்பும் அதன் எதிர்ப்பதிவும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், இரண்டாவது என்ட்ரி ஸ்டேட்மென்ட்டின் 12,500-உடன் நேராகப் பொருந்தும். இரண்டிலும் பழைய வவுச்சர் எண்ணைக் குறிப்பில் எழுதிவையுங்கள்.

மின் கட்டணம் போன்ற செலவில் நடந்த பிழை போன வருடத்துக் கணக்கில் இருந்து, அந்தக் கணக்கும் முடிந்துவிட்டிருந்தால், இந்த வருடச் செலவில் 6,400-ஐ ஏற்றிவிடாதீர்கள். அது இந்த வருட லாபத்தைத் தப்பாகக் குறைத்துவிடும். எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று ஆடிட்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் மாறினால்

கைப்பட எழுதும் பேரேட்டில் ஒரு லெட்ஜரில் மட்டும் பக்கம் மாறி எழுதிவிட வாய்ப்புண்டு. அப்போது டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாது, தொகையின் இரண்டு மடங்கு வித்தியாசம் வரும். டேலியில் வவுச்சர் போடும்போது இது நடக்காது, இரண்டு பக்கமும் சமமாகாமல் அது சேவ் ஆகாது. ஆனால் லெட்ஜர் உருவாக்கும்போது அடிக்கும் ஓப்பனிங் பேலன்ஸில் நடக்கும். சப்ளையருக்குத் தர வேண்டிய 18,000-ஐ Cr என்று போடாமல் Dr என்று போட்டுவிட்டால், டிரையல் பேலன்ஸின் அடியில் Difference in opening balances என்று 36,000 வந்து நிற்கும். அந்த வரி கிரெடிட் பக்கம் இருந்தால், கிரெடிட் அவ்வளவு குறைகிறது என்று அர்த்தம். 36,000-ஐப் பாதியாக்கி, டெபிட் பேலன்ஸ் உள்ள லெட்ஜர்களில் 18,000-ஐத் தேடுங்கள். கண்டதும் அந்த லெட்ஜரைத் திறந்து Dr-ஐ Cr ஆக்கினால் போதும். இதற்கு ஜர்னல் என்ட்ரி போட்டால் அந்த வரி போகாது.

திருத்தி முடித்ததும் வங்கி 96,500, கஸ்டமர் 27,500 என்று வருகிறதா என இரண்டு லெட்ஜரையும் திறந்து பார்த்துவிடுங்கள். 52,500 பாக்கி என்று கஸ்டமருக்கு ஸ்டேட்மென்ட் போயிருந்தால், அன்றைக்கே திருத்தியதை அனுப்பிவிடுவது நல்லது.