நோய்த்தொற்று ஏற்பட்ட பெரும்பாலோர் ஏன் யாருக்கும் பரப்புவதில்லை? 20 பேர் பட்டியலை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒருவரிடமிருந்து எத்தனை பேருக்குத் தொற்றுகிறது என்பதைச் சொல்லும் எண் `R`. ஒரு நோயின் `R` 2 என்றால், தொற்று வந்த ஒவ்வொருவரும் இரண்டு பேருக்குக் கொடுப்பார்கள் என்று நம்மில் பலர் புரிந்துகொள்கிறோம். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் 2 என்பது சராசரி. அந்தச் சராசரிக்குப் பின்னால், யாருக்கும் கொடுக்காதவர்கள் பெரும் கூட்டமாகவும், நிறையப் பேருக்குக் கொடுத்தவர்கள் ஒன்றிரண்டு பேராகவும் இருக்கலாம். எவ்வளவு சமமில்லாமல் பரவுகிறது என்பதைச் சொல்லும் எண்ணின் பெயர் `k`. அதைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம், வாருங்கள்.

படி 1: பட்டியல் தயாரியுங்கள்

தொற்று உறுதியான ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. அதில் ஒரே ஓர் எண்: அவரிடமிருந்து எத்தனை பேருக்குத் தொற்றியது? பயிற்சிக்காக நான் உருவாக்கிய பட்டியல் இது. மொத்தம் 20 பேர். 14 பேர் யாருக்கும் பரப்பவில்லை. 3 பேர் ஆளுக்கு ஒருவருக்குப் பரப்பினார்கள். இன்னொருவர் 2 பேருக்கு, மற்றொருவர் 3 பேருக்கு. கடைசி நபர் 12 பேருக்கு.

கூட்டினால் 3 + 2 + 3 + 12 = 20. இருபது பேரால் இருபது பேருக்கு, ஆக `R` = 1.

படி 2: எல்லோரும் ஒரே மாதிரி என்றால் என்ன நடக்கும்?

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். எல்லோருக்கும் பரப்பும் திறனும் வாய்ப்பும் சமம், வித்தியாசம் வெறும் தற்செயலால் மட்டும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். புள்ளியியலில் இது பாய்சான் பரவல். இங்கே பரவல் என்பது நோய் பரவுவதல்ல, எண்கள் எப்படிச் சிதறிக் கிடக்கின்றன என்பது. அதில் யாருக்கும் பரப்பாதவர்களின் பங்கு `e^(-R)`. `R` = 1 என்றால் சுமார் 37 சதவீதம், அதாவது 20 பேரில் 7 பேர். தற்செயலுக்கே இவ்வளவு பூஜ்ஜியங்கள் வரும் என்பதைக் கவனியுங்கள். ஆனால் நம் பட்டியலில் 14 இருக்கின்றன. மீதி எங்கிருந்து வந்தன?

படி 3: `k` கணக்கிடுங்கள்

ஆளுக்கு ஆள் உண்மையிலேயே வித்தியாசம் இருப்பதாக எடுத்துக்கொண்டால் எதிர்மறை ஈருறுப்புப் பரவல் பொருந்துகிறது. 2005-இல் லாயிட்-ஸ்மித்தும் சக ஆய்வாளர்களும் சார்ஸ் போன்ற நோய்களுக்கு இதைப் பயன்படுத்திக் காட்டிய பிறகு இந்த வழி பரவலானது. தேவைப்படுவது சராசரியும், எண்கள் அதிலிருந்து எவ்வளவு விலகிச் சிதறியிருக்கின்றன என்று காட்டும் விலக்க வர்க்கச் சராசரியும்தான்.

நம் பட்டியலில் ஒவ்வோர் எண்ணையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 3 + 4 + 9 + 144 = 160. இருபதால் வகுத்தால் 8. அதிலிருந்து சராசரியின் வர்க்கமான 1-ஐக் கழித்தால் விலக்க வர்க்கச் சராசரி 7. அந்த 160-இல் 144 ஒரே ஆளிடமிருந்து வருவதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

```python
import numpy as np
z = np.array([0]*14 + [1]*3 + [2, 3, 12])
R = z.mean()
k = R**2 / (z.var() - R)
print(R, k, (1 + R/k)**(-k))
```

`k` = 1 ÷ (7 − 1), அதாவது சுமார் 0.17. `k` சிறிதாகச் சிறிதாக நோய்ப் பரவல் ஒருசிலரிடம் குவியும். மிகப் பெரிதானால் பாய்சானையே நெருங்கும். கடைசியில் அச்சாகும் எண், யாருக்கும் பரப்பாதவர்களின் எதிர்பார்க்கப்படும் பங்கு: 72 சதவீதம். பட்டியலில் இருப்பது 70 சதவீதம். நன்றாகவே பொருந்துகிறது.

படி 4: உண்மையான தரவோடு ஒத்துப் பாருங்கள்

2020-இன் முதல் மாதங்களில் ஹாங்காங்கில் பதிவான கோவிட் தொற்றுகளை ஆராய்ந்தவர்கள் `R` 0.58 என்றும் `k` 0.43 என்றும் மதிப்பிட்டார்கள். அதே சூத்திரத்தில் போடுங்கள்: `(1 + 0.58/0.43)**(-0.43)`. விடை 0.69. பத்தில் ஏழு பேர் யாருக்கும் பரப்பவில்லை. ஏறக்குறைய 19 சதவீதம் பேரிடமிருந்துதான் 80 சதவீதப் பரவல் நடந்தது என்பது அவர்களின் மதிப்பீடு.

ஏன் இப்படி? பரவ வேண்டுமானால் பல விஷயங்கள் ஒரே நேரத்தில் கூடிவர வேண்டும். சிலரின் மூச்சில் வைரஸ் மற்றவர்களைவிடப் பல மடங்கு வெளியேறுகிறது. கோவிட்டில் அதிகம் தொற்றும் காலம் பெரும்பாலும் அறிகுறி தொடங்குவதை ஒட்டிய சில நாட்கள்தான். அந்த நாட்களில் அவர் காற்றோட்டம் குறைந்த அறையில், பலரோடு, நீண்ட நேரம் பேசியோ பாடியோ இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் எண்ணிக்கை பூஜ்ஜியத்தை நோக்கிச் சரியும். எல்லாம் கூடிவந்தால்? 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் கவுண்டியின் பாடகர் குழு ஒன்று இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. வந்தவர்கள் 61 பேர். அறிகுறியோடு வந்தவர் ஒருவர். அதன் பிறகு உறுதியாகவோ அநேகமாகவோ தொற்றியவர்கள் 52 பேர். அதனால் 'சூப்பர் ஸ்ப்ரெடர்' என்று ஆளைச் சுட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை. அதே மனிதர் அன்று வீட்டிலேயே இருந்திருந்தால் அவர் வரியில் 0 என்று இருந்திருக்கலாம். `k`-யும் அப்படித்தான்: அது கிருமியின் குணம் மட்டுமல்ல, மக்கள் அப்போது எப்படிக் கூடினார்கள் என்பதும் அதற்குள் இருக்கிறது.

படி 5: பட்டியலை வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் இதைத் தவறாமல் செய்து பார்க்க வேண்டும் என்பேன். தொடர்புத் தடமறியும் பதிவேடுகளில் யாருக்கும் பரப்பாதவர்கள் எளிதாக விடுபடுவார்கள். யாரும் நோயுறவில்லையே, எழுத என்ன இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். அந்த 14 பூஜ்ஜியங்களை நீக்கிவிட்டு மறுபடி கணக்குப் போடுங்கள். `R` 3.3 ஆகிறது, `k` 0.91 ஆகிறது. இரண்டுமே தவறு.

சரி, பூஜ்ஜியங்களைத் திரும்பச் சேர்த்துவிட்டு, 12 பேருக்குப் பரப்பியவரின் ஒரே ஒரு வரியை மட்டும் நீக்குங்கள். `k` 0.17-இலிருந்து 0.73-க்குத் தாவுகிறது. சிறிய பட்டியலில் பெரிய நிகழ்வு ஒன்று அகப்படாமல் போனால், நோய் உண்மையில் பரவுவதைவிடச் சமமாகப் பரவுவதுபோல் தெரியும். நீங்கள் எங்காவது `k` மதிப்பைப் பார்த்தால், எத்தனை பேரின் பட்டியலிலிருந்து வந்தது, பூஜ்ஜியங்கள் எண்ணப்பட்டனவா என்று முதலில் பாருங்கள். அண்மையில் தொற்றியவர்களையும் கவனிக்க வேண்டும். அவர்கள் இன்னும் பரப்பவில்லை என்பதால் 0 என்று எழுதிவிடக் கூடாது, சில நாட்கள் காத்திருக்க வேண்டும்.

படி 6: பின்னோக்கிக் கேளுங்கள்

பட்டியலில் உள்ள ஒருவரைக் குத்துமதிப்பாகத் தேர்ந்தெடுத்து, "உங்களிடமிருந்து எத்தனை பேருக்குத் தொற்றியது?" என்று கேட்டால் சராசரி விடை 1. இப்போது திசையை மாற்றுங்கள். புதிதாகத் தொற்றிய அந்த 20 பேரில் ஒருவரைப் பிடித்து, "உங்களுக்குக் கொடுத்தவர் மொத்தம் எத்தனை பேருக்குக் கொடுத்தார்?" என்று கேளுங்கள். இருபதில் 12 பேர் ஒரே ஆளைக் காட்டுவார்கள். அதனால் சராசரி விடை 160 ÷ 20, அதாவது 8.

ஜப்பான் 2020-இல் பின்னோக்கித் தேடும் இந்த வழிக்கு முக்கியத்துவம் கொடுத்தது: ஒரு நோயாளி யாருக்குக் கொடுத்தார் என்பதோடு, அவருக்கு எங்கே தொற்றியது என்றும் தேடி, அந்த இடத்தில் இருந்த மற்றவர்களைக் கண்டுபிடிப்பது. நம் பட்டியலில் அந்த 12 பேரில் ஒருவரிடமிருந்து பின்னால் போனாலே, மீதி 11 பேரையும் சென்றடைய வழி கிடைத்துவிடும்.