இன்டர்வியூவில் விட்டுப்போன ஒரு பதிலை நன்றி மெயிலில் சேர்ப்பது எப்படி?

இன்டர்வியூ முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான், "அடடா, இதைச் சொல்லியிருக்கலாமே" என்று தோன்றும். அதைச் சொல்ல நன்றி மெயிலில் இடம் உண்டு. கணக்கு உதவியாளர் வேலை ஒன்றை வைத்துப் பார்ப்போம்.

1. உடனே குறித்துக்கொள்ளுங்கள்

பேட்டி எடுத்தவர் பெயர், அவர் அதிகம் பேசிய வேலை, நீங்கள் பாதியில் விட்ட பதில். இந்த மூன்றும் போதும். வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் பாதி மறந்துவிடும்.

2. ஒரே ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுங்கள்

GSTR-2B என்பது சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் மாதாமாதம் தரும் பட்டியல். அதைப் பற்றி மேலாளர் கேட்டது இது: "கையில் பில் இருக்கு, GSTR-2B-யில் காணோம். என்ன செய்வீங்க?" பில் எண்ணையும் சப்ளையரின் ஜிஎஸ்டி எண்ணையும் சரிபார்ப்பேன் என்றீர்கள். சப்ளையர் தன் விற்பனை விவரமான GSTR-1-ஐத் தாக்கல் செய்துவிட்டாரா என்று பார்ப்பதைச் சொல்லவில்லை. அதைத்தான் எழுத வேண்டும், ஏனென்றால் அது அவர் கேட்ட கேள்விக்கே மீதிப் பதில். கேட்காத சான்றிதழ், சம்பளப் பேச்சு எதுவும் இங்கே வேண்டாம். மூன்று நான்கு விஷயங்களை அடுக்கினால், பேட்டியில் எதுவுமே சொல்லவில்லையோ என்று அவருக்குத் தோன்றிவிடும்.

3. எழுதுங்கள்

> பொருள்: கணக்கு உதவியாளர் நேர்காணல் – நன்றி
>
> வணக்கம் மேடம்,
>
> இன்று நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி. மாதக் கடைசியில் பில்களை ஒப்பிடுவதுதான் உங்கள் பிரிவில் பெரிய வேலை என்றீர்கள். ஆடிட்டர் அலுவலகத்தில் ஓராண்டாக நான் செய்துவருவதும் அதே வேலைதான். மாதம் 200 பில்கள் வரை டேலியில் பதிந்து GSTR-2B-யோடு ஒப்பிடுகிறேன்.
>
> 2B-யில் வராத பில் பற்றிக் கேட்டபோது ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். மாதாமாதம் தாக்கல் செய்யும் சப்ளையர் 11ஆம் தேதிக்குள் GSTR-1 போடாவிட்டால், 14ஆம் தேதி வரும் 2B-யில் அந்த பில் இருக்காது. அதனால் 10ஆம் தேதியே அவருக்கு போன் செய்து நினைவூட்டுவேன். அப்படியும் வராவிட்டால் அந்த பில்லுக்கு இன்புட் கிரெடிட் எடுக்காமல், தனிப் பட்டியலில் வைத்து அடுத்த மாதம் பார்ப்பேன்.
>
> இப்படிக்கு,
> (பெயர், போன் எண்)

இரண்டாவது பத்தியில் மன்னிப்போ "பதற்றத்தில் மறந்துவிட்டேன்" என்ற விளக்கமோ இல்லை, கவனியுங்கள். என்ன செய்வேன் என்பது மட்டுமே இருக்கிறது. "நான் கடின உழைப்பாளி" என்பதை விட அந்த 10ஆம் தேதி போன் அவர் மனதில் நிற்கும்.

4. அனுப்புங்கள்

அன்று மாலையே, தள்ளிப்போனால் மறுநாள் மதியத்துக்குள் அனுப்புங்கள். பேட்டி எடுத்தவரின் மெயில் முகவரி தெரியாதா? சரி, இன்டர்வியூவுக்கு அழைத்த எச்ஆரின் மெயிலுக்கே பதிலாகப் போடுங்கள். அவருக்குச் சேர்த்துவிடும்படி ஒரு வரி கேளுங்கள். பெயரின் எழுத்தையும் பதவியின் பெயரையும் ஒருமுறை சரிபாருங்கள். பழைய மெயிலை நகலெடுத்தால் வேறு கம்பெனியின் பெயர் அப்படியே போய்விடும் ஆபத்து இருக்கிறது.

அப்புறம், முடிவு சொல்வதாகச் சொன்ன தேதி தாண்டும்வரை இன்னொரு மெயில் வேண்டாம்.