மதிப்பெண் கணிப்பில் ஆர்எம்எஸ்இ: எண் எங்கே தவறிப்போகிறது

கணித்த மதிப்பெண்ணும் தேர்வில் வந்த மதிப்பெண்ணும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்க, பெரும்பாலும் சராசரி வர்க்கப் பிழையை (எம்எஸ்இ) அல்லது அதன் வர்க்கமூலத்தை (ஆர்எம்எஸ்இ) எடுக்கிறோம். சூத்திரம் ஒரே வரிதான். ஆனாலும் அந்த ஒரு வரியில் தவறு செய்ய நிறைய இடம் இருக்கிறது. பிழையான விடையும் சரியான விடை போலவே ஓர் எண்ணாக வந்து நிற்பதால், பார்த்த மாத்திரத்தில் அது தெரியாது.

ஐந்து மாணவர்களை வைத்துப் பார்ப்போம். தேர்வு நூறு மதிப்பெண்ணுக்கு.

| மாணவர் | உண்மை | கணிப்பு | வேறுபாடு | வர்க்கம் |
|---|---|---|---|---|
| 1 | 72 | 68 | 4 | 16 |
| 2 | 58 | 63 | −5 | 25 |
| 3 | 85 | 82 | 3 | 9 |
| 4 | 40 | 43 | −3 | 9 |
| 5 | 91 | 90 | 1 | 1 |

வேறுபாடுகளை அப்படியே கூட்டினால் சுழியம் வருகிறது. கணிப்பு துல்லியமாக இருப்பதால் அல்ல, கூடுதலாகக் கணித்ததும் குறைவாகக் கணித்ததும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டதால். அதைத் தடுக்கத்தான் வர்க்கப்படுத்துகிறோம். வர்க்கங்களின் கூட்டுத்தொகை 60, ஐந்தால் வகுத்தால் எம்எஸ்இ 12, அதன் வர்க்கமூலம் 3.46.

வரிசையை மாற்றுவது

முதலில் வர்க்கம், பிறகு சராசரி, கடைசியில் வர்க்கமூலம். விரிதாளில் செய்பவர்கள் சிலர் ஒவ்வொரு வரியிலும் வர்க்கமூலத்தை எடுத்துவிட்டு, அதன் பிறகு சராசரி காண்கிறார்கள். அப்போது ஒவ்வொரு வர்க்கமும் பழைய வேறுபாடாகவே திரும்பிவிடும், குறி மட்டும் போயிருக்கும். 4, 5, 3, 3, 1 ஆகியவற்றின் சராசரி 3.2. இது சராசரி தனிப்பிழை. பயனுள்ள அளவுதான், ஆனால் ஆர்எம்எஸ்இ அல்ல. 3.2, 3.46 இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் தவறு கண்ணில் படுவதில்லை.

எம்எஸ்இ 12 என்பதைப் பார்த்து "சராசரியாக 12 மதிப்பெண் தவறுகிறது" என்று எழுதுவதும் இதோடு சேர்ந்தது. 12-இன் அலகு மதிப்பெண் அல்ல, மதிப்பெண்ணின் வர்க்கம். மதிப்பெண் அளவில் பேச வேண்டுமானால் 3.46-ஐத்தான் சொல்ல வேண்டும்.

வராதவருக்குச் சுழியம் போடுவது

அதிகச் சேதம் செய்வது இதுதான். ஆறாவதாக ஒரு மாணவர். அவருக்கு 64 என்று கணித்திருக்கிறோம், அவர் தேர்வுக்கே வரவில்லை. பட்டியலில் அவருக்கு நேரே 0 என்று பதிவாகியிருக்கிறது. வேறுபாடு −64, வர்க்கம் 4096. முன்பு ஐந்து பேருக்கும் சேர்த்தே 60 தான். இப்போது மொத்தம் 4156, ஆறால் வகுத்தால் 692.67, வர்க்கமூலம் 26.32.

ஒரே ஒரு வரி, ஆர்எம்எஸ்இ-யை 3.46-இலிருந்து 26.32-க்குத் தூக்கிவிட்டது. சராசரி தனிப்பிழையும் 3.2-இலிருந்து 13.33-க்கு ஏறும், ஆனால் அவ்வளவு தூரம் போகாது. வர்க்கம் பெரிய வேறுபாட்டை மேலும் பெரிதாக்குவதால் வரும் விளைவு இது. அதனால் இரண்டு அளவையும் அருகருகே எழுதி வைப்பது நல்லது. ஆர்எம்எஸ்இ ஒருபோதும் தனிப்பிழைச் சராசரிக்குக் கீழே போகாது. அதைப் போல ஏறத்தாழ இரு மடங்குக்குப் போனால், சில வரிகள் மட்டும் மொத்தத்தையும் இழுக்கின்றன என்று புரிந்துகொண்டு, பெரிய வர்க்கத்திலிருந்து சிறியதுவரை வரிசைப்படுத்தி மேலே இருக்கும் சிலவற்றைப் பாருங்கள்.

எக்செலில் இன்னொரு பொறி உண்டு. காலியாக விட்ட கட்டத்தைக் கழித்தலில் சேர்த்தால் அது சத்தமில்லாமல் 0 ஆகிவிடும். "வரவில்லை" என்று எழுத்தால் எழுதியிருந்தால் `#VALUE!` என்று நின்றுவிடும், அதுவே நமக்கு நல்லது.

வராதவரின் வரியைக் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும். ஆனால் நீக்குவதற்கும் நெறி வேண்டும். தேர்வு எழுதி உண்மையிலேயே 0 வாங்கியவரின் வரி இருந்தாக வேண்டும், அது கணிப்பின் தோல்வி. வேறுபாடு பெரிதாக இருக்கிறது என்பதற்காக நீக்கினால், பிழையை அளக்கும் கருவியையே வளைத்துவிட்டோம். நீக்கியவர்கள் எத்தனை பேர், ஏன் என்பதையும் விடையின் பக்கத்திலேயே எழுதுங்கள்.

வகுப்புகளின் ஆர்எம்எஸ்இ-யைச் சராசரி எடுப்பது

ஒரு வகுப்பில் 10 பேர், ஆர்எம்எஸ்இ 3. மற்றொன்றில் 40 பேர், ஆர்எம்எஸ்இ 9. இரண்டுக்கும் சேர்த்து 6 என்று போடுவது தவறு. ஆட்களின் எண்ணிக்கையைக் கணக்கில் கொண்டு 7.8 என்று போடுவதும் தவறுதான். வர்க்கமூலம் எடுத்த பிறகு கூட்ட முடியாது. திரும்ப வர்க்கத்துக்குப் போக வேண்டும்: 10 × 9 + 40 × 81 = 3330, அதை 50-ஆல் வகுத்தால் 66.6, வர்க்கமூலம் 8.16.

ஒரு தாள் 100-க்கும் மற்றொன்று 50-க்கும் என்றால், சேர்ப்பதற்கு முன்பே இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். 50-க்கு 4 என்ற ஆர்எம்எஸ்இ, 100-க்கு 8.

ஒப்பிட எதுவும் இல்லாமல் "நல்லது" என்பது

3.46 நல்லதா என்று தனியாகக் கேட்டால் பதில் கிடையாது. ஒரு மிக எளிய கணிப்போடு ஒப்பிடுங்கள்: எல்லோருக்கும் வகுப்புச் சராசரியையே கொடுப்பது. இங்கே சராசரி 69.2. அப்படிக் கணித்தால் வரும் ஆர்எம்எஸ்இ 18.50. இது அந்த மதிப்பெண்களின் திட்ட விலக்கமேதான் (n-ஆல் வகுத்தது, n−1-ஆல் அல்ல). 18.50-இலிருந்து 3.46-க்கு இறங்கியிருந்தால் கணிப்பில் சரக்கு இருக்கிறது. எல்லோரும் 66-க்கும் 72-க்கும் இடையே வாங்கிய வகுப்பில் அதே 3.46 கிடைத்தால் அதில் ஒன்றுமில்லை.

இந்த ஒப்பீடு நிரலில் ஒளிந்திருக்கும் ஒரு தவறையும் காட்டிக்கொடுக்கும். பைத்தானில் கையால் எழுதும்போது, உண்மை மதிப்பெண்கள் ஒற்றை வரிசையாகவும் கணிப்புகள் நெடுவரிசையாகவும் இருந்தால், நம்பை நூலகம் பிழை எதுவும் காட்டாது. ஒவ்வொரு மாணவரின் மதிப்பெண்ணையும் ஐந்து பேரின் கணிப்போடும் கழித்து, 25 வேறுபாடுகளைத் தரும்.

```python
import numpy as np
a = np.array([72, 58, 85, 40, 91])
p = np.array([[68], [63], [82], [43], [90]])
print(np.sqrt(np.mean((a - p)**2)))          # 24.63
print(np.sqrt(np.mean((a - p.ravel())**2)))  # 3.46
```

முதல் விடை 24.63, சராசரியைக் கொடுத்தால் வரும் 18.50-ஐ விடவும் மோசம். கணிக்கும் மாதிரியைக் குறை சொல்வதற்கு முன் `(a - p).shape` என்று அச்சிட்டுப் பாருங்கள். `(5,)` வர வேண்டும். `(5, 5)` வந்தால் குற்றம் மாதிரியில் இல்லை, கழித்தலில் இருக்கிறது.