நன்றி வாக்கியங்களைச் சேர்த்து வைப்பது எப்படி? எச்.ஆர். வேலைக்குப் புதியவர்களுக்கு

இன்டர்வியூ எடுக்க வந்த மேனேஜர், ஆள் சிபாரிசு செய்த ஊழியர், ஞாயிற்றுக்கிழமை வந்து சம்பளப் பட்டியலை முடித்துக் கொடுத்தவர் என்று எச்.ஆரில் இருப்பவர் மாதாமாதம் பலருக்கு நன்றி எழுத வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் வெறும் திரையைப் பார்த்து யோசிப்பதை விட, சொந்தமாக ஒரு தொகுப்பு வைத்துக்கொள்ளலாம்.

முதலில் நீங்கள் அனுப்பிய மெயில்களில் 'நன்றி' என்று தேடுங்கள். கடைசி 3 மாதம் போதும். உங்கள் பேச்சு போலவே இருக்கும் 15 வாக்கியங்களை எக்செல்லில் ஒட்டி, எந்தச் சந்தர்ப்பத்துக்கு எழுதியது என்று பக்கத்தில் குறியுங்கள். 'தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி' போல யாருக்கும் பொருந்துவதை விட்டுவிடுங்கள். அது வந்து சேர்ந்ததே படிப்பவர் மனதில் பதியாது.

அடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: அவர் என்ன செய்தார், அதனால் என்ன நடந்தது. நான் முன்பு எழுதியது இது: "இன்டர்வியூவுக்கு நேரம் ஒதுக்கியதற்கு நன்றி." இப்போது தொகுப்பில் இருப்பது இது:

"##பெயர்##, ##நாள்## அன்று ##எத்தனை## பேரைப் பார்த்து, அன்றே மதிப்பெண் தாளையும் கொடுத்துவிட்டீர்கள். அதனால் ##எப்போது## முடிவு சொல்ல முடிந்தது. மிக்க நன்றி."

நிரப்பினால்: "செந்தில் சார், சனிக்கிழமை அன்று 6 பேரைப் பார்த்து, அன்றே மதிப்பெண் தாளையும் கொடுத்துவிட்டீர்கள். அதனால் திங்கட்கிழமையே முடிவு சொல்ல முடிந்தது. மிக்க நன்றி."

தமிழில் பலரும் தடுக்கி விழுவது இந்தக் காலியிடத்தில்தான். '##பெயர்##க்கு நன்றி' என்று வைத்தால் ரவி வரும்போது 'ரவிக்கு' என்று சரியாக இருக்கும். மாலா வந்தால் 'மாலாக்கு', குமார் வந்தால் 'குமார்க்கு' என்று ஆகிவிடும். எழுத வேண்டியது 'மாலாவுக்கு', 'குமாருக்கு'. அதனால் பெயரை விளிப்பாக முன்னால் வைத்து காற்புள்ளி போடுங்கள். நாளுக்குப் பின்னால் 'அன்று' என்று தனிச்சொல்லாக வைத்தால் எந்த நாளும் பொருந்தும்.

அப்புறம் சேமிப்பது. கணினியில் ஜிமெயில் என்றால் See all settings → Advanced → Templates → Enable கொடுத்து, Save Changes அழுத்துங்கள். பிறகு மெயில் எழுதும் பெட்டியின் மூன்று புள்ளியில் Templates வரும். வாக்கியத்தை அங்கே சேமிக்கும்போது அதன் பெயரைச் சந்தர்ப்பத்தால் வையுங்கள்: 'இன்டர்வியூ-மேனேஜர்'. அனுப்பும் முன் ## எங்காவது மிச்சமிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

எக்செல்லில் 'யாருக்கு', 'எப்போது' என்று இரண்டு நெடுவரிசை கட்டாயம் வேண்டும். ஒரே டீமில் இரண்டு பேருக்கு ஒரே வரி போனால், மதிய சாப்பாட்டில் போனைக் காட்டிக்கொள்ளும்போது தெரிந்துவிடும். நான் ஒரு சந்தர்ப்பத்துக்கு 3 வடிவம் வைத்து, மாற்றி மாற்றி அனுப்புகிறேன்.

பல வருடம் வேலை பார்த்து விடைபெறுபவருக்கு மட்டும் தொகுப்பிலிருந்து எடுக்காதீர்கள். அவரோடு வேலை செய்த இரண்டு பேரிடம் கேட்டு, அன்றைக்கே புதிதாக எழுதுங்கள்.